மொட்டு, பூ, பூச்சரம்: கடை அட்டைகளுக்குத் தரப்பெயர் இடுதல்

ஈப்போ புந்தோங் பகுதியில் ஒரு மளிகைக் கடை, தன் வாடிக்கையாளர்களுக்கு மூன்று தரங்களில் உறுப்பினர் அட்டை வழங்க எண்ணுகிறது என்று கொள்வோம். அம்மூன்று தரங்களுக்கும் பெயர் வேண்டும். ஒரு தரப்பெயர் இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும். எதற்கு அடுத்தது எது என்னும் வரிசை ஒன்று. எந்த முனை உயர்ந்தது என்னும் திசை மற்றொன்று. பெரும்பாலான பெயர்கள் இவற்றுள் ஒன்றையே சொல்லி நின்றுவிடுகின்றன.

எண்ணுப்பெயரை எடுத்துக்கொள்வோம். ‘முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை’ என்றால் வரிசை ஐயமின்றி விளங்கும், திசை விளங்காது. இரயிலில் முதல் வகுப்பு உயர்ந்தது. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு தொடக்கம். ஆகவே ‘முதல் நிலை அட்டை’ பெற்றவர் தாம் உச்சியில் இருக்கிறோமா, அடியில் இருக்கிறோமா என்று கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

இந்திய அரசுக்கும் இச்சிக்கல் புதிதன்று. 1954இல் பத்ம விருது நிறுவப்பட்டபோது, அதன் மூன்று பிரிவுகளும் ‘பகலா வர்க், தூஸ்ரா வர்க், தீஸ்ரா வர்க்’, அதாவது முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்றே அழைக்கப்பட்டன. மறு ஆண்டே அவை பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்மஸ்ரீ என்று மாற்றப்பட்டன. புதிய பெயர்கள் அழகானவை. பெறுபவரைத் ‘மூன்றாம் வகுப்பு’ என்று சொல்லும் கூச்சமும் நீங்கியது. ஆனால் வரிசை மறைந்துவிட்டது. ‘வி’ என்னும் முன்னொட்டு சிறப்பை மிகுவிக்கும் என்று அறிந்தவருக்கே விபூஷண் பூஷணைவிட உயர்ந்தது எனத் தெரியும். ஏனையோர் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

அப்படியானால் எல்லாரும் அறிந்த உலோகப் பெயர்கள் போதாவா? தங்கம் உயர்ந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மலேசியத் தமிழில் இடர் தருவது ‘வெள்ளி’. நமக்கு அது உலோகம் மட்டுமன்று. ரிங்கிட்டும் அதுவே, கிழமையும் அதுவே. “மாதம் 300 வெள்ளிக்கு வாங்கினால் வெள்ளி அட்டை, அதற்கு வெள்ளிதோறும் சலுகை” என்று கடைப்பெண் சொல்வதைக் கற்பனை செய்துபாருங்கள். பேராக் என்னும் மாநிலப் பெயருக்கே மலாயில் வெள்ளி என்றுதான் பொருள்; இருந்தும் இங்கு அச்சொல் அட்டைக்கு உதவாது. சென்னையில் இப்பெயர் இத்துணை இடர் தராது, ஏனெனில் அங்கே பணத்திற்குப் பெயர் ரூபாய்.

தோட்டப்புறத் தமிழர் தரப்பெயரை வேறு வழியில் கையாண்டனர். பேராக் இரப்பர்த் தோட்டங்களில் நிருவாகி ‘பெரிய துரை’, துணை நிருவாகி ‘சின்னத் துரை’. அலுவலகத்தில் ‘பெரிய கிராணி’, ‘சின்னக் கிராணி’. ஒரே வேர்ச்சொல், அதன்மேல் ஓர் அடை. புதிதாக வந்திறங்கிய தொழிலாளிக்கும் இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. வரிசையும் திசையும் சொல்லுக்குள்ளேயே இருந்தன. கடைக்கு இதனை அப்படியே எடுக்க முடியாது. ‘சின்ன வாடிக்கையாளர்’ என்று அழைக்கப்படுபவர் மறுவாரம் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார். ஆயினும் வேர்ச்சொல்லைப் பகிர்தல் என்னும் நெறியைக் கடன் வாங்கலாம்.

என் பரிந்துரை: மொட்டு, பூ, பூச்சரம். மொட்டிலிருந்து பூ மலர்கிறது. பூக்கள் சேர்ந்து சரமாகின்றன. ‘பூச்சரம்’ என்னும் சொல்லுக்குள் ‘பூ’ அடங்கியிருப்பதால் எது பெரிது என்பது காதிலேயே விழும். மொட்டு என்பது தாழ்வன்று, இனி மலரப்போவது. மூன்றையும் படமாக வரையலாம் என்பதால், தமிழ் அறியாத மலாய், சீன வாடிக்கையாளருக்கும் அட்டை விளங்கும். ‘பூச்சரம்’ இருக்கும் இடத்தில் ‘மாலை’ என்று இடலாகாது. ‘மாலை அட்டை’ மாலை நேரச் சலுகையாகக் கேட்கும். வெள்ளிக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும்.

பெயரைச் சோதிக்கும்போது “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்பதில் பயனில்லை, எல்லாரும் நன்று என்றே சொல்வர். மூன்று பெயர்களையும் தனித்தனித் தாளில் எழுதிக் கலைத்து, பாட்டி முதல் பள்ளிச் சிறுவன்வரை பத்துப்பேரிடம் கொடுத்து, குறைவாக வாங்குபவரிலிருந்து மிகுதியாக வாங்குபவர்வரை அடுக்கச் சொல்ல வேண்டும். ஒரே அடுக்கு வராவிடில் பெயர் தோற்றது என்று பொருள். பின்பு அட்டைப் பெயரைத் தொலைபேசியில் சொல்லிப்பார்க்க வேண்டும். எழுத்தில் தெளிவானது காதில் குழம்பக்கூடும்.

நான்காம் தரம் வேண்டுமென்று உரிமையாளர் கேட்டால், அகராதியில் பூவின் பருவங்களைத் தேடத் தோன்றும். அங்கே ‘அலர்’ கிடைக்கும். ஊரார் தூற்றும் பழிச்சொல்லுக்கும் அதுவே பெயர். ‘செம்மல்’ கிடைக்கும், பெற்றவர் தம்மைச் சான்றோர் என்று மகிழ்வார், வாடிய பூ என்னும் பொருளை அவருடைய பேரன் பள்ளியில் படித்துவந்து சொல்லும்வரை. மூன்றோடு நிறுத்தி, பூச்சரத்திற்கு மேல் வாங்குபவருக்குக் கூடுதல் புள்ளி தருவதே எளிது.