ஈரத் துணியை முறுக்கலாமா?

ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டை போன்ற ஊர்களில் மூடுபனி இறங்கிவிட்டால், கொடியில் போட்ட துணி லேசில் காயாது. ஒட்டப் பிழிந்தால் சீக்கிரம் உலரும் என்று ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்குவார்கள். பருத்தித் துண்டு இதைத் தாங்கும். பருத்தி இழை நனைந்தால் வலு கூடுமே தவிரக் குறையாது. ஆனால் குளிருக்குப் போடும் கம்பளி ஸ்வெட்டரும் ரேயான் நைட்டியும் அப்படியல்ல. சாதாரண ரேயான் நனைந்ததும் ஏறக்குறைய பாதி வலுவை இழந்துவிடும். கம்பளி இழைக்குள் நீர் புகுந்தால், அதன் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகள் தளரும். அப்போது இழுத்த பக்கமெல்லாம் அது நீளும்.

துணியை முறுக்கும்போது நடுவில் உள்ள நூல் அதிகம் நீளாது. வெளிப்புற நூல் சுற்றி வளைந்து போவதால் கூடுதல் தூரத்தை எட்ட வேண்டியிருக்கிறது. ஒரே துணி ஓரிடத்தில் அதிகமாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் இழுபடுகிறது. அந்த நிலையிலேயே காய்ந்தால் தளர்ந்த பிணைப்புகள் புதிய வடிவத்தில் இறுகிவிடும். ஒரு கை நீண்டு தொங்குவது, கீழ் ஓரம் அலையலையாக நிற்பது, பக்கத் தையல் முன்பக்கம் திரும்புவது எல்லாம் இதன் அடையாளங்கள். ரேயானில் சாய்வான சுருக்கக் கோடுகள் விழும். தையலோரம் நூல் விலகும்.

ஸ்வெட்டரை அலசியதும் தோளைப் பிடித்துத் தூக்காதீர்கள். நீரின் எடையே அதை இழுத்துவிடும். இரு கைகளையும் அடியில் கொடுத்து எடுத்து, ஓட்டையுள்ள கூடையில் கால் மணி நேரம் வடியவிடுங்கள். பிறகு உலர்ந்த பெரிய துண்டின் மேல் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாய் போலச் சுருட்டி, உள்ளங்கையால் நெடுக அழுத்துங்கள். துண்டு நனைந்துவிட்டால் இன்னொரு துண்டில் ஒருமுறை செய்யுங்கள். அழுத்தினால் நீர் கசியாத நிலை வந்ததும், கை, கழுத்தைச் சரிசெய்து, காற்றுப் புகும் கட்டிலில் படுக்கையாக உலர்த்துங்கள். அடுப்புக்கு மேலே தொங்கவிட வேண்டாம்.

நைட்டியைக் கூடையில் வடித்து, மடித்து அழுத்தினால் போதும். வாஷிங் மெஷினின் ஸ்பின் துணியை முறுக்காமல் நீரை வெளியே தள்ளுகிறது. ஆகவே வலைப்பையில் போட்டுக் குறைந்த வேகத்தில் ஒரு நிமிடம் சுற்றவிடலாம். கம்பளிக்கு, லேபிள் அனுமதித்தால் மட்டும்.

வாங்கும்போதே உள்பக்க லேபிளைப் பாருங்கள். முறுக்கிய துணி மேல் பெருக்கல் குறி இருந்தால் முறுக்கக் கூடாது என்று பொருள். அதை மீறினால் கடைக்காரரிடம் கேட்க வலு இருக்காது. சொன்னபடி துவைத்தும் துணி கெட்டால், பில்லையும் லேபிளையும் காட்டி மாற்றித் தரக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். துணியை மறுபடி துவைக்காமல் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.