அட்வான்ஸில் பிடித்த பணத்தைக் கேட்டு ஒரு கடிதம்

வீட்டைக் காலி பண்ணி சாவியைக் கொடுத்தாச்சு. 36,000 ரூபாய் அட்வான்ஸில் 19,000 மட்டும் உங்கள் கணக்கில் வந்திருக்கிறது. காரணம் கேட்டால், பெயிண்ட் அடிக்க ஒரு மாச வாடகை 12,000, விரிசல் விட்ட சமையல் மேடைக்கு 3,500, உடைந்த சுவிட்ச் போர்டுக்கு 1,500 என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்யலாம்?

போனில் சண்டை போடாதீர்கள். குடிவந்த அன்று இருவரும் கையெழுத்திட்ட வீட்டு நிலைக் குறிப்பை எடுங்கள். அதில் "ஹால் சுவரில் ஓதம், சமையல் மேடையில் சிங்க் ஓரம் விரிசல்" என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. சுவிட்ச் போர்டு நன்றாக இருந்ததாகக் குறிப்பு சொன்னால், அந்த 1,500-ஐ ஒப்புக்கொண்டு விடுங்கள். நியாயமானதை ஏற்றுக்கொண்டு எழுதும் கடிதத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"சமையல் மேடை விரிசலுக்காக ரூ.3,500 பிடித்துள்ளீர்கள். நாம் இருவரும் கையெழுத்திட்ட நிலைக் குறிப்பின் 4-வது வரியில், நான் குடிவரும்போதே அந்த விரிசல் இருந்ததாக உள்ளது. ஹால் சுவரின் ஓதம் 2-வது வரியில் உள்ளது. நகல்களும் அன்றைய படங்களும் இணைத்துள்ளேன். சுவிட்ச் போர்டுக்கான ரூ.1,500-ஐ ஏற்கிறேன். மீதி ரூ.15,500-ஐ 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்."

பெயிண்ட் விஷயத்துக்கு இன்னொரு ஆதாரமும் உண்டு. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு, ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதையும் வீட்டு உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது. சுவிட்ச், குழாய் ரிப்பேர் போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. ஆனால் ஒப்பந்தத்தில் "பெயிண்ட் செலவு வாடகைதாரருடையது" என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த வாதம் பலவீனமாகிவிடும். எனவே கடிதம் எழுதும் முன் ஒப்பந்தத்தை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். நியாயமான பிடித்தம் போக, காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. அதையும் ஒரு வரியில் சேருங்கள்.

குறிப்பே எழுதவில்லையா? குடிவந்த வாரம் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைத் தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில், அது எடுக்கப்பட்ட தேதி விவரம் பொதுவாகத் தங்காது. அதனால் கேமராவில் எடுத்த அசல் படத்தை அழிக்காதீர்கள். படம் அனுப்பிய தேதி தெரிகிற மாதிரி அந்த உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். "ஆமா, அது பழைய விரிசல்தான்" என்று அவர் போட்ட பதில் கிடைத்தால் அது கையெழுத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதே கடிதத்தின் பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். நிலைக் குறிப்பின் அசலை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும்.