நாலாயிரமா, ஒன்பதாயிரமா? ஒரு மாவுக் கிரைண்டரின் கணக்கு

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ தோசைக்கல் சூடேறும் முன்பே சமையலறையின் பின்கட்டில் கிரைண்டர் ஓடத் தொடங்கிவிடும். ஊறிய உளுந்தைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, நடுவே நீர் தெளித்து, பந்து போல் பொங்கி வரும்வரை அரைக்க வேண்டும். கல் தேய்ந்துபோனால் மாவு பொங்காமல் சூடேறும், இட்லி தட்டையாகும். அப்போதுதான் முதலாளிக்குப் புது இயந்திரத்தின் நினைப்பு வரும்.

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. முதல் கிரைண்டரின் விலை 4,000 ரிங்கிட், ஆயுள் 3 ஆண்டு. இரண்டாவது 9,000 ரிங்கிட், ஆயுள் 8 ஆண்டு. இரண்டும் நாளைக்கு 5 மணி நேரம், ஆண்டில் 360 நாள் ஓடும். முதலாவது 1.5 கிலோவாட் இழுக்கிறது, இரண்டாவது 1.1 கிலோவாட். யூனிட்டுக்கு 50 சென் என்று வைத்தால் ஆண்டு மின்கட்டணம் முறையே 1,350, 990 ரிங்கிட். கல் கொத்த, பெல்ட் மாற்ற, பேரிங் போட முதலாவதுக்கு 1,250 ரிங்கிட்டும் இரண்டாவதுக்கு 910 ரிங்கிட்டும் ஆகும். ஆக ஓட்டும் செலவு ஆண்டுக்கு 2,600, 1,900.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஆயுள் முழுதும் ஆகும் செலவை இன்றைய மதிப்பில் கூட்டினால் முதலாவதுக்குச் சுமார் 10,700 ரிங்கிட், இரண்டாவதுக்கு 19,900. பாதிக்குப் பாதி மலிவு என்று முதலாவதை வாங்கிவிடுவார்கள். ஆனால் அந்த 10,700 ரிங்கிட்டுக்குக் கிடைப்பது மூன்று ஆண்டு மாவு. 19,900க்கு எட்டு ஆண்டு மாவு. இரண்டையும் ஒரே தட்டில் நிறுக்க முடியாது.

நிறுக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு இயந்திரத்தின் விலையையும் அதன் ஆயுள் முழுவதற்கும் சமமான ஆண்டுத் தவணையாக மாற்றி, ஓட்டும் செலவோடு சேர்ப்பது. இதுதான் சமமான ஆண்டுச் செலவு. வெறுமனே விலையை ஆண்டுகளால் வகுத்தால் போதாது. கடனாக வாங்கிய பணத்துக்கு வட்டி உண்டு. கைப்பணம் என்றால் அது வேறெங்காவது ஈட்டியிருக்கும். வட்டி 8 விழுக்காடு என்று வைத்து, எக்செலில் இப்படித் தட்டினால் விடை வரும்:

```
=PMT(8%,3,-4000)+2600
=PMT(8%,8,-9000)+1900
```

முதலாவதுக்கு ஆண்டுக்கு 4,152 ரிங்கிட், இரண்டாவதுக்கு 3,466. கொஞ்சம் உள்ளே பார்த்தால் சுவாரசியமான ஒன்று தெரியும். விலையின் தவணை மட்டும் முதலாவதுக்கு 1,552, இரண்டாவதுக்கு 1,566, ஏறக்குறைய ஒன்றே. விலைப்பட்டியலில் கண்ணை உறுத்திய 5,000 ரிங்கிட் வித்தியாசம் ஆயுளில் கரைந்துவிட்டது. ஆண்டுக்கு 686 ரிங்கிட் மிச்சமாவது முழுக்க மின்சாரத்திலும் பராமரிப்பிலும்தான். வட்டியை 15 விழுக்காடாக உயர்த்தினாலும் இரண்டாவதே மலிவு. இடைவெளி மட்டும் சுமார் 446 ஆகச் சுருங்கும்.

எட்டு ஆண்டு என்பது விற்பவர் வாய்ச்சொல்தானே என்று கேட்பது நியாயமான சந்தேகம். அதையும் கணக்கிலேயே சோதிக்கலாம். இரண்டாவது 5 ஆண்டில் படுத்துவிட்டால் அதன் ஆண்டுச் செலவு 4,154 ஆகி, முதலாவதோடு சமமாகிவிடும். ஆக, கேட்க வேண்டிய கேள்வி எட்டு ஆண்டு உழைக்குமா என்பதல்ல, ஐந்து ஆண்டைத் தாண்டுமா என்பதுதான். அதே மாதிரிக் கிரைண்டர் ஓடும் வேறொரு கடையில் விசாரித்தால் பதில் கிடைத்துவிடும்.

இந்தக் கணக்குக்கு ஒரு பலவீனம் இருக்கிறது, கடைக்காரர்களுக்கு அது முக்கியம். ஒரு கிரைண்டர் போனால் அதே விலையில் அதே மாதிரி இன்னொன்று வாங்கி, கடை ஓடிக்கொண்டே இருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் வாடகைக் கடைகளில் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்று ஆண்டைத் தாண்டும் குத்தகையைத் தேசிய நிலச் சட்டத்தின்கீழ் பதிவு செய்ய வேண்டியிருப்பதால், வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மூன்று ஆண்டுக்குள் நின்றுவிடும். அதன்பிறகு கடை அங்கே இருக்குமா என்பது கட்டடச் சொந்தக்காரர் கையில்.

அப்படியானால் எட்டு ஆண்டை மறந்துவிட்டு, இரண்டு கிரைண்டர்களையும் மூன்றே ஆண்டுக்கு ஒப்பிட வேண்டும். அப்போது இரண்டாவதைப் பழைய சாமானாக விற்றால் கிடைக்கும் விலை நடுவில் வருகிறது. கடையை மூடும் நாளில் அதைச் சுமார் 4,030 ரிங்கிட்டுக்கு விற்க முடிந்தால் செலவு சமம். அதற்கு மேல் போனால் இரண்டாவது. அதற்குக் கீழே என்றால் மலிவான முதலாவதே சரி. ஆகவே மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர், புதுக் கிரைண்டருக்கு விலை பேசுவதற்கு முன்பாக, பழைய உணவகச் சாமான் வாங்கி விற்பவரிடம் போய், மூன்று ஆண்டு ஓடிய அதே கிரைண்டரை என்ன விலைக்கு எடுப்பார் என்று கேட்டு வந்துவிட வேண்டும்.