கடையிலிருந்து எடுத்த பணம் செலவா, பங்கா?



கூட்டாளிகளில் பலர் ஒருவர் மீது ஒருவர் அத்துமீறுகின்றனர் என்று நபி தாவூத் (அலை) அவர்கள் கூறியதைத் திருக்குர்ஆனின் ‘ஸாத்’ அத்தியாயம் (38:24) எடுத்துரைக்கிறது. எவரும் மனமறிந்து செய்யாவிடினும், கணக்கெழுதும் முறையினாலேயே இத்தகைய அத்துமீறல் நேர்ந்துவிடக்கூடும். அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக் கொள்வோம்.

மூன்று சகோதரர்கள் ஜவுளிக்கடை நடத்துகின்றனர். மூத்தவரின் முதல் 6 இலட்சம். மற்ற இருவருடையது தலா 3 இலட்சம். மூத்தவர் வெளிநாட்டில் இருக்கிறார். இரண்டாமவர் முழுநாளும், இளையவர் அரைநாளும் கடையில் உழைக்கின்றனர்.

ஹனஃபி மத்ஹபின்படி, உழைப்பவர் தம் முதலின் விகிதத்தைவிடக் கூடுதலான இலாபப் பங்கைப் பேசிக்கொள்ளலாம். உழைக்காதவர் தம் முதலின் விகிதத்திற்கு மேல் பெற இயலாது. ஆகவே 40, 35, 25 விழுக்காடு எனத் தொடக்கத்திலேயே பேசி எழுதிக் கொண்டனர். நட்டம் வந்தாலோ, அது முதலின் விகிதப்படியே பகிரப்படும். ஷாஃபிஈ மத்ஹபில் இலாபமும் முதலின் விகிதப்படியே பிரியும். உழைப்புக்காகக் கூடுதல் பங்கு நிபந்தனையிடுதல் செல்லாது. அம்மத்ஹபைப் பின்பற்றுவோர் உழைப்புக்கான ஈட்டை எவ்வாறு அமைப்பதென ஆலிம்களிடம் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

ஆண்டிறுதியில் இலாபம் 4,80,000 ரூபாய். பங்குகள் முறையே 1,92,000, 1,68,000, 1,20,000. ஆனால் ஆண்டு முழுவதும் குடும்பச் செலவுக்காக மூத்தவர் வீட்டார் 1,20,000, இரண்டாமவர் 1,44,000, இளையவர் 1,50,000 ரூபாய் கடையிலிருந்து எடுத்திருந்தனர். இது இலாபத்தின் முன்பணமே. அவரவர் பங்கில் இதனைக் கழித்தால் மூத்தவருக்கு 72,000, இரண்டாமவருக்கு 24,000 வரவேண்டும். இளையவரோ கடைக்கு 30,000 திருப்பித் தரவேண்டும்.

பற்றையும் வாடகை, மின்கட்டணத்தோடு கடைச் செலவாக எழுதிவிட்டால் என்னவாகும்? 4,14,000 ரூபாய் செலவில் மறைந்து, இலாபம் 66,000 என்றே தோன்றும். அதில் இளையவருக்கு மேலும் 16,500 கிடைக்கும். ஆக, தமக்குரியதைவிட 46,500 ரூபாய் அவர் கூடுதலாகப் பெற்றிருப்பார். அதில் 45,600 மூத்தவருடைய உரிமை, 900 இரண்டாமவருடையது. கூட்டல் கழித்தலில் பிழையே இராது. எனினும் ஹக்கு கைமாறிவிட்டது.

எனவே பேரேட்டில் ஒவ்வொருவர் பெயரிலும் முதலுக்கு ஒரு பக்கமும் பற்றுக்கு ஒரு பக்கமும் தனித்தனியே இருக்கட்டும். கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்த துணிக்கும் கொள்முதல் விலை பற்றில் ஏறட்டும். இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் இவ்வளவு ஒருவருக்கே உரியது என நிபந்தனையிட்டால் கூட்டு முறிந்துவிடும் என்பதால், மாதப்பற்று ஆண்டிறுதியில் நேர்செய்யப்பட்டே ஆகவேண்டும். எடுக்காமல் கடையில் விட்ட 72,000 தானாக முதலாகிவிடாது. அனைவரும் இசைந்து எழுதினாலே முதலில் சேரும்.

தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறு பணித்த (2:282) வல்ல ரஹ்மான், நம் பேரேடுகளையும் நேர்மையானவையாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.