மரக்காணம் 2-ம் இடத்திலிருந்து 3-க்கு இறங்கியதா? மழைப் பட்டியலை எப்படிப் படிப்பது?

மழை நாள்ல காலையில் எழுந்ததும் பலர் முதலில் பார்ப்பது "எந்த ஊரில் எவ்வளவு மழை?" என்ற பட்டியலைத்தான். இணையத்தில் அது வரிசை எண்ணோடும், ஏறியதா இறங்கியதா என்று காட்டும் அம்புக்குறியோடும் வருகிறது. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் ஊர்கள் இடம் மாறுகின்றன. மரக்காணம் போன்ற உப்பளப் பகுதியில் இருப்பவர்களுக்கு இது வெறும் வேடிக்கை இல்லை. ஒரு ஏக்கர் பாத்தியில் 1 செ.மீ. மழை பெய்தால், சுமார் 40 ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீர் உப்பு நீரோடு கலந்துவிடும்.

ஒரே அளவு எப்படி வருகிறது?

மழைமானியில் அளப்பது மில்லிமீட்டரில். ஆனால் வானிலை ஆய்வு மையத்தின் தினசரிப் பட்டியலில் பெரும்பாலும் முழு சென்டிமீட்டராகச் சுருக்கித் தருகிறார்கள். 68 மி.மீ. பெய்தாலும் 7 செ.மீ.தான், 74 மி.மீ. பெய்தாலும் 7 செ.மீ.தான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மறுநாள் காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 செ.மீ. பதிவானது. பக்கத்தில் உள்ள மயிலத்தில் 50 செ.மீ.யைத் தாண்டியது. அவ்வளவு உச்சத்தில் இரண்டு ஊர்கள் ஒரே எண்ணில் நிற்பது அபூர்வம். கீழே 7, 6, 5 செ.மீ. என்று வரும் இடத்தில்தான் நெரிசல்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

இவை உதாரணத்துக்கான எண்கள். காலை 6 மணி நிலவரம்: திண்டிவனம் 92 மி.மீ., வானூர் 71, மரக்காணம் 68, செஞ்சி 60. சென்டிமீட்டரில் 9, 7, 7, 6. வானூரும் மரக்காணமும் 2-ம் இடத்தைப் பகிர்கின்றன. இரண்டு பேர் 2-ல் இருப்பதால் செஞ்சிக்கு 4-ம் இடம். சில பட்டியல்களில் இடைவெளி விடாமல் செஞ்சியை 3 என்று போடுவார்கள். இரண்டுமே வழக்கத்தில் உண்டு. ஆனால் நேற்று ஒரு முறை, இன்று ஒரு முறை என்று மாற்றக் கூடாது.

காலை 8.30 நிலவரம்: திண்டிவனம் 94, செஞ்சி 78, மரக்காணம் 74, வானூர் 73. சென்டிமீட்டரில் 9, 8, 7, 7. இப்போது மரக்காணம் 3-ம் இடம், பக்கத்தில் சிவப்புக் கீழ் அம்பு. பார்ப்பவர் "அப்பாடா, மழை குறைஞ்சிடுச்சு" என்று நினைப்பார். உண்மையில் அந்த இரண்டரை மணி நேரத்தில் அங்கே 6 மி.மீ. கூடுதலாகப் பெய்திருக்கிறது, வானூரையும் முந்திவிட்டது. மில்லிமீட்டரில் வரிசைப்படுத்தினால் மரக்காணம் அப்போதும் 3, இப்போதும் 3. இறங்கியது வானூர்தான்.

அம்பு காட்டுவது இடத்தை, மழையை அல்ல. ஒரு நாளின் மொத்த மழை கூடுமே தவிர குறையாது.

எண் மாறாமலே வரிசை மாறுவது ஏன்?

மழை அளவை மட்டும் வைத்து அடுக்கச் சொன்னால், ஒரே அளவுள்ள ஊர்களில் எதை முதலில் வைப்பது என்று கணினிக்கு விதி இல்லை. அதனால் ஒரு முறை வானூர் மேலே, அடுத்த முறை மரக்காணம் மேலே. தீர்வு எளிது: அளவு ஒன்றாக இருந்தால் ஊர்ப் பெயரின் அகர வரிசைப்படி அடுக்க வேண்டும், இட எண்ணை மட்டும் இருவருக்கும் ஒன்றாகவே போட வேண்டும்.

அம்பை எப்போது நம்பலாம்?

முந்தைய அளவீட்டோடு ஒப்பிட்டால்தான் அம்புக்கு அர்த்தம். நீங்கள் பக்கத்தைத் திறந்த போன தடவையோடு ஒப்பிட்டால், இரண்டு முறை புதுப்பித்ததும் எல்லா அம்பும் காணாமல் போகும். காலை 8.30-க்குக் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள இடங்களை ஒப்பிடக் கூடாது.

புயலில் ஒரு தானியங்கி மழைமானி பழுதானால் அந்த ஊர் பட்டியலிலிருந்து விழும். கீழே உள்ள எல்லோருக்கும் பச்சை மேல் அம்பு வரும். அந்த ஊருக்கு "தகவல் இல்லை" என்று போட வேண்டும், பூஜ்யம் போடக் கூடாது.

பாத்தியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று தெரிய வேண்டுமா? இடத்தையும் அம்பையும் விட்டுவிட்டு, மில்லிமீட்டரையும் அளந்த நேரத்தையும் பாருங்கள்.