'தானாக வேலையை விட்டு நின்றார்': விடுப்புக்கு எழுத்துச் சான்று ஏன் வேண்டும்?

வன்கொடுமை வழக்குகளில் சாட்சிகள் ஏன் பின்வாங்குகிறார்கள் என்று பேசும்போது, மிரட்டலையும் பணத்தையும்தான் நாம் முதலில் நினைக்கிறோம். ஊருக்கு வெளியே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சாட்சிக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. அதுதான் வாய்தா. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வரவில்லை, நீதிபதி விடுப்பில் இருக்கிறார், இன்னொரு சாட்சி வந்து சேரவில்லை என்று வழக்கு தள்ளிப்போகிறது. ஒவ்வொரு முறையும் அவருடைய வருகைப் பதிவேட்டில் ஒரு நாள் காலியாகிறது. ஓராண்டு கழித்து, 'அனுமதியின்றி அடிக்கடி வராதவர்' என்ற ஒற்றை வரியில் மனிதவளத் துறை அவரை வெளியேற்றிவிடுகிறது. அந்த வரியை எதிர்கொள்ள அவர் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதையே இங்கே விளக்க முயல்கிறோம்.

நாம் புனைந்துகொண்ட ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஓர் இளைஞர் வேலை செய்கிறார். அவருடைய ஊரில் நடந்த தாக்குதல் வழக்கில் அவர் சாட்சி. விழுப்புரம் நீதிமன்றத்தில் ஜூன் 12 அன்று முன்னிலையாகுமாறு சம்மன் வருகிறது. தமக்கு வேலை ஒதுக்கும் சூப்பர்வைசரைத் தொலைபேசியில் அழைக்கிறார். 'சரி, போயிட்டு வா' என்கிறார் அவர். 12ஆம் தேதி விசாரணை நடக்கவில்லை, மறுநாள் வரச் சொல்கிறார்கள். 13ஆம் தேதி சாட்சியம் அளித்துவிட்டு, 14ஆம் தேதி முதல் ஷிப்டுக்கு வந்து நிற்கிறார். அடையாள அட்டையைக் காட்டினால் வாயிற்கதவு திறக்கவில்லை. ஒப்பந்ததாரரைப் பார்க்கும்படி காவலர் சொல்கிறார். ஒப்பந்ததாரரின் அலுவலகம் 'நாளை பார்க்கலாம்' என்கிறது. இப்படியே 22ஆம் தேதி வரை நாட்கள் நகர்கின்றன. 23ஆம் தேதியிட்ட கடிதம் ஒன்று வருகிறது: 12ஆம் தேதி முதல் பத்து நாட்களுக்கு மேல் முன்னறிவிப்பும் அனுமதியும் இன்றி வராததால், தாங்கள் தாமாகவே வேலையைக் கைவிட்டதாகக் கருதப்படுகிறது.

பத்து நாட்கள் என்ற கணக்கு தற்செயலானது அல்ல. 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டத்தை ஒட்டிய மாதிரி நிலையாணைகளில், விடுப்பின்றிப் பத்து நாட்களுக்கு மேல் வராமலிருப்பது தவறான நடத்தைகளில் ஒன்று. பெற்ற விடுப்பு முடிந்து எட்டு நாட்களுக்குள் திரும்பாதவர் தம் பணியுரிமையை இழப்பார் என்றும் அவற்றில் ஒரு விதி உண்டு. அந்தச் சட்டத்தின் இடத்திற்கு இப்போது 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. ஆனாலும் 'எட்டு நாள்', 'பத்து நாள்' என்ற விதிகள் நிறுவனங்களின் பணி நியமன ஆணைகளில் தொடர்ந்து இடம்பெறுகின்றன. உங்கள் ஆணையில் எந்த எண் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அந்த எண்ணைத் தாண்டும் வரை காத்திருந்து கடிதம் எழுதுவதே வழக்கம்.

நம் இளைஞர் உண்மையில் வேலைக்கு வராத நாட்கள் இரண்டு. மீதி ஒன்பது நாட்களை உண்டாக்கியது தொழிற்சாலையின் வாயில். ஆகவே பின்னாளில் அவர் நிரூபிக்க வேண்டியவையும் இரண்டு. 12, 13 தேதிகளுக்கு அனுமதி இருந்தது என்பது ஒன்று. 14 முதல் வேலைக்கு வந்தும் உள்ளே விடப்படவில்லை என்பது மற்றொன்று. பெரும்பாலோர் முதலாவதற்கு மட்டுமே சான்று தேடுகிறார்கள். வேலையைக் காப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இதற்கு உச்ச நீதிமன்றத்திலேயே முன்மாதிரி உண்டு. டி.கே. யாதவ் எதிர் ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், 1980 டிசம்பர் 3 முதல் எட்டு நாட்களுக்கு மேல் வரவில்லை என்று கூறி டிசம்பர் 12 அன்று கடிதம் கொடுத்துத் தொழிலாளியை நிறுவனம் நீக்கியது. தினமும் வந்ததாகவும், வாயிலில் தடுக்கப்பட்டதாகவும் அவர் கூறினார். விளக்கம் கேட்காமலும் விசாரணை நடத்தாமலும், நிலையாணையில் எழுதியிருக்கிறது என்பதற்காகவே ஒருவரை நீக்குவது இயற்கை நீதிக்கு முரணானது என்று 1993இல் தீர்ப்பு வந்தது. பாதி ஊதிய நிலுவையுடன் மீண்டும் வேலை கிடைத்தது. ஆனால் 1980இல் போன வேலை 1993இல்தான் திரும்பியது என்பதையும் கவனியுங்கள். அடுத்து, கிருஷ்ணகாந்த் பி. பார்மர் வழக்கில் 2012இல் நீதிமன்றம் ஒரு படி மேலே சென்றது. வராமலிருந்தது வேண்டுமென்றே செய்ததா, தவிர்க்க முடியாத சூழலாலா என்று முடிவு செய்யாமல் அதைத் தவறான நடத்தையாகக் கொள்ள முடியாது என்றது. அவர் அரசு ஊழியர். எனினும் 'வேண்டுமென்றே' என்ற சொல்லின் எடையை அந்தத் தீர்ப்பிலிருந்து தனியார் துறைத் தொழிலாளியும் எடுத்துக்காட்டலாம். நீதிமன்றச் சம்மனுக்குக் கீழ்ப்படிந்து சென்றதை வேண்டுமென்றே செய்த வராமை என்று சொல்வது எளிதல்ல.

சரி, அந்த இளைஞர் என்ன செய்திருக்க வேண்டும்?

தொலைபேசியில் கிடைத்த வாய்மொழி அனுமதியை அன்றே எழுத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். அதற்குப் பெரிய மனு தேவையில்லை. 'இன்று காலை 8.10 மணிக்குத் தொலைபேசியில் பேசியபடி, நீதிமன்றச் சம்மன் காரணமாக ஜூன் 12 அன்று எனக்கு விடுப்பு அளித்துள்ளீர்கள். 13ஆம் தேதி முதல் ஷிப்டுக்கு வருவேன். விசாரணை நீண்டால் உடனே தெரிவிப்பேன்' என்ற நான்கு வரிச் செய்தி போதும். யார், எப்போது, எந்த நாளுக்கு அனுமதித்தார், எப்போது திரும்புவேன் என்ற நான்கும் அதில் உள்ளன. சூப்பர்வைசர் கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பினால், செய்தியைப் பார்த்தேன் என்றுதான் அதற்குப் பொருள், அனுமதிக்கவில்லை என்று பின்னர் வாதிட இடமுண்டு. 'விடுப்பு உறுதிதானே அண்ணா?' என்று இன்னொரு முறை கேட்டு, 'ஆமாம்' என்ற சொல்லை வாங்கிவிடுவது நல்லது.

ஒப்பந்தத் தொழிலாளிக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வேலை வாங்குபவர் தொழிற்சாலையின் சூப்பர்வைசர். ஆனால் நியமன ஆணையின்படி முதலாளி ஒப்பந்ததாரர். 'அவர் எங்கள் ஆள் அல்ல, எங்களிடம் விடுப்புக் கேட்கவே இல்லை' என்று ஒப்பந்ததாரரின் மனிதவளப் பிரிவு சொல்லும். 'அவர் எங்கள் தொழிலாளியே அல்ல' என்று தொழிற்சாலை சொல்லும். இரண்டும் காகிதத்தில் உண்மையாகவே இருக்கும். ஆகவே அதே நான்கு வரிகளை ஒப்பந்ததாரரின் மின்னஞ்சலுக்கும் அனுப்ப வேண்டும். வாய்தா தள்ளிப்போன 12ஆம் தேதி மதியமும் இரண்டு இடங்களுக்கும் மறுபடி ஒரு செய்தி போக வேண்டும். பழைய அனுமதி புதிய நாளுக்குத் தானாக நீளாது. ஆறு வாய்தாவுக்கு ஆறு செய்திகள் இருந்தால்தான் 'அடிக்கடி வராதவர்' என்ற கணக்கை நாளுக்கு நாள் உடைக்க முடியும்.

காரணத்தை எவ்வளவு சொல்வது என்ற கேள்வி நம் தோழர்களுக்கு முக்கியமானது. சம்மனில் எந்தச் சட்டத்தின் கீழான வழக்கு என்பது அச்சாகியிருக்கும். அதை அப்படியே மனிதவளத் துறைக்கு அனுப்பினால், சாதியை மறைத்து வாழ வேண்டிய நிலையில் உள்ள ஒருவரின் சாதி அலுவலகம் முழுவதும் தெரிந்துவிடக்கூடும். விடுப்புச் செய்தியில் 'நீதிமன்றச் சம்மன்' என்று எழுதினாலே போதும் என்பது நம் கருத்து. எந்த நாட்களில் முன்னிலையானார் என்று மட்டும் கூறும் வருகைச் சான்றை, நீதிமன்ற அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பெற முயலலாம். சம்மனின் நகலைப் பத்திரமாக வைத்திருந்து, விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்தால் அப்போது கொடுக்கலாம். சம்மனையும் சான்றையும் பொறுத்தவரை மூலப்படியை எப்போதும் கையில் வைத்துக்கொண்டு நகலையே கொடுங்கள்.

இனி 14ஆம் தேதி. கதவு திறக்காத அந்தக் காலையிலேயே, வாயிலில் நின்றபடியே செய்தி அனுப்ப வேண்டும்: 'காலை 5.50க்கு முதல் ஷிப்டுக்கு வந்தேன். அட்டை வேலை செய்யவில்லை. உள்ளே விட காவலர் மறுத்தார். வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்.' கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. வேலையைக் கைவிட்டார் என்ற குற்றச்சாட்டுக்கு நேர் மறுப்பு அதுதான். மறுநாளும் வந்து மறுநாளும் அனுப்ப வேண்டும். மூன்றாம் நாளும் நிலைமை மாறாவிட்டால், கடிதமாக எழுதி ஒப்பந்ததாரருக்கும் தொழிற்சாலைக்கும் ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்பி, ஒரு நகலைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்து முத்திரை பெறுவது நல்லது. இந்தக் கடிதத்தின் தேதி, நிறுவனத்தின் 23ஆம் தேதிக் கடிதத்துக்கு முந்தையதாக இருக்கும். வழக்கில் அந்த முன்பின் வரிசை நிறையப் பேசும்.

செய்திகளைக் காப்பதிலும் தவறுகள் நேர்கின்றன. வாட்ஸ்அப்பில் செய்திகள் தானாக மறையும் அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் ஆதாரம் தானே அழிந்துவிடும். திரைப்படம் எடுக்கும்போது, தேதி தெரியாதபடி வெட்டாதீர்கள். மேலே தெரியும் 'சூப்பர்வைசர் அண்ணன்' என்ற பெயர் நீங்கள் சேமித்தது. யார் வேண்டுமானாலும் அப்படிச் சேமிக்கலாம். அவருடைய எண் தெரியும் பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுங்கள். உரையாடல் முழுவதையும் `Export chat` வழியாக உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். நிறுவனத்தின் இணைய விடுப்புப் பக்கத்தில் விண்ணப்பிப்பவர்கள் அனுமதி தெரியும் பக்கத்தை அன்றே படமெடுக்க வேண்டும், ஏனெனில் நீக்கப்படும் நாளில் அலுவலக மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் முடக்கப்படும். ஆனால் உங்கள் விடுப்பு தொடர்பானவற்றை மட்டும் எடுங்கள். நிறுவனத்தின் பிற கோப்புகளை வெளியே அனுப்பினால் அதுவே புதிய குற்றச்சாட்டாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கைப்பேசியை விற்றுவிடாதீர்கள். மின்னணுப் பதிவின் அச்சுப்படியைச் சான்றாக அளிக்க, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவை. அதன் ஒரு பகுதியை அளிப்பவரும் மறு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். தொழிலாளிக்கு இது சுமைதான். முந்தைய சாட்சியச் சட்டத்தின் கீழ் 2020இல் வந்த அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பில், மூலக் கருவியையே அதன் உரிமையாளர் கூண்டில் ஏறி அளித்தால் சான்றிதழ் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. தொழிலாளர் நீதிமன்றங்கள் சாட்சியச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுவதில்லை. இருந்தாலும் விரிசல் விட்ட பழைய கைப்பேசி வீட்டில் இருப்பது பெரும் பலம்.

இன்னொன்று, நிறுவனத்திலிருந்து வரும் பதிவுத் தபாலை வாங்க மறுக்காதீர்கள். வாங்கினால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற அச்சம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. சிண்டிகேட் வங்கி வழக்கில் 2000இல் நடந்தது இதற்கு நேர்மாறானது. சரியான முகவரிக்கு வந்த அறிவிப்பைப் பெற மறுத்த ஊழியருக்கு அறிவிப்பு சேர்ந்துவிட்டதாகவே நீதிமன்றம் கொண்டது. வேலைக்குத் திரும்ப வந்த அழைப்பைப் புறக்கணித்தவர் என்ற நிலையில், அவரை நீக்கியதும் நிலைத்தது. கடிதத்தை வாங்கி, உறையையும் சேர்த்து வைத்து, குறிப்பிட்ட நாட்களுக்குள் நாள்வாரியாகப் பதில் எழுதுங்கள்.

நம் இளைஞரிடம் இவை எதுவும் இல்லாமல், சூப்பர்வைசருக்குச் செய்த அழைப்பின் பதிவு மட்டும் இருந்தால்? அழைப்புப் பட்டியலில் தேதியும் நேரமும் இருக்கும், பேசியது இருக்காது. அப்போதும் 12, 13 தேதிகளுக்கு நீதிமன்றத்தின் பதிவேடு துணை நிற்கும். ஒன்பது நாட்களுக்கு, உடன் வந்த தொழிலாளி ஒருவர் சாட்சி சொல்ல முன்வர வேண்டும். அவரும் அதே ஒப்பந்ததாரரிடம்தான் வேலை பார்க்கிறார்.