சட்டையில் எண்ணெய், வாளியில் உப்புநீர்

கெடா மாநிலத்தின் தென்மேற்குக் கரையில், மூடா ஆறு மலாக்கா நீரிணையோடு கலக்கும் இடத்தில் கோத்தா கோலா மூடா அமைந்துள்ளது. இவ்வூர் 'பாசார் பிசிக்' எனப்படும் மீன் சந்தைக்குப் பெயர் பெற்றது. இங்கு மீன் வாங்க வருவோர் தாம் கொடுக்க விரும்பும் விலையை விற்பவரின் காதில் மெதுவாகச் சொல்வர். படகிலிருந்து இறங்கும் மீனவர்களின் சட்டைகளில் இயந்திரத்தின் டீசலும் மசகெண்ணெயும் மீனின் கொழுப்பும் படிந்திருக்கும். அந்தச் சட்டையை வெறும் நீரில் எவ்வளவு நேரம் அலசினாலும் பிசுக்கு போவதில்லை. ஆற்றுமுகத்து உப்புநீரில் சவர்க்காரம் போட்டுத் துவைத்தாலும் சரியாகப் போவதில்லை. இவ்விரண்டுக்கும் காரணம் வெவ்வேறு.

முதலில் நீரைக் கவனிப்போம். நீரின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் சிறிது நேர்மின் தன்மையும் மறுபக்கம் சிறிது எதிர்மின் தன்மையும் இருக்கும். ஆகவே, நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கைகோத்தாற்போல ஈர்த்துக்கொள்கின்றன. எண்ணெய் மூலக்கூறுகளில் இத்தகைய மின் தன்மை இல்லை எனலாம். எண்ணெய்க்கு இடம் கொடுக்க வேண்டுமானால் நீர் மூலக்கூறுகள் தமக்குள் உள்ள பிடிப்பை விட வேண்டும். அவை அப்படி விடுவதில்லை. அதனால்தான் எண்ணெய் நீரில் கரையாமல் தனியே நிற்கிறது.

இதே பிடிப்பினால் இன்னொரு விளைவும் உண்டு. நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல இறுக்கமாக இருக்கிறது. இதனைப் பரப்பு இழுவிசை என்பர். எண்ணெய் படிந்த துணியின் மீது ஒரு துளி நீரை விட்டுப் பாருங்கள். அது பரவாமல் முத்துப்போல் உருண்டு நிற்கும். நீர் நூலிழைகளுக்குள் நுழையவே இல்லையென்றால், அங்கே ஒட்டியிருக்கும் அழுக்கை அது எப்படி வெளியேற்றும்?

இங்குதான் சவர்க்காரம் உதவுகிறது. செம்பனை எண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றைக் காரத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் சவர்க்காரம் உண்டாகும். அதன் மூலக்கூற்றுக்குத் தலையும் வாலும் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். தலை எதிர்மின் தன்மை உடையது. அது நீரை விரும்பும். வால் நீண்ட கரிமச் சங்கிலி. செம்பனை எண்ணெயிலிருந்து கிடைக்கும் சவர்க்காரத்தில் பல மூலக்கூறுகளுக்கு இச்சங்கிலி, தலையிலுள்ள அணுவையும் சேர்த்து, 16 கரிம அணுக்களைக் கொண்டது. வால் நீரை விரும்பாது. எண்ணெயோடு எளிதில் கலந்துவிடும்.

இப்போது மசகெண்ணெய் படிந்த சட்டையைச் சவர்க்கார நீரில் ஊறவைப்போம். சவர்க்கார மூலக்கூறுகள் நீரின் மேற்பரப்பில் வந்து நின்று அதன் இறுக்கத்தைப் பாதிக்கும் கீழாகக் குறைக்கின்றன. நீர் துணியில் பரவி, நூலிழைகளின் இடைவெளிகளில் புகுகிறது. பிறகு, வால்கள் எண்ணெய்ப் படலத்திற்குள் செருகிக்கொள்ள, தலைகள் வெளியே நீரை நோக்கி நிற்கின்றன. துணியில் பரவிக் கிடந்த எண்ணெய், ஓரங்களிலிருந்து சுருண்டு மெல்ல உருண்டையாகிறது. உருண்டையாகிவிட்டால் துணியை அது தொடும் பரப்பு குறைகிறது, பிடியும் தளர்கிறது. கையால் கசக்கும்போது அல்லது சலவை இயந்திரம் சுழலும்போது அது பெயர்ந்து வந்துவிடுகிறது.

பெயர்ந்த எண்ணெய் ஏன் மீண்டும் துணியில் ஒட்டுவதில்லை? ஒவ்வோர் எண்ணெய்த் துளியைச் சுற்றிலும் எதிர்மின் தலைகள் வேலிபோல் நிற்கின்றன. ஒரே வகை மின் தன்மை உடையவை ஒன்றையொன்று தள்ளும். ஆகவே, துளிகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகாமல் நீரில் மிதந்தபடியே இருக்கின்றன. அந்த நீரைக் கொட்டும்போது எண்ணெயும் உடன் போய்விடுகிறது. சவர்க்காரம் எண்ணெயை அழிப்பதில்லை. நீர் அதனைச் சுமந்து செல்ல வழி செய்கிறது.

இனி, உப்புநீரின் சிக்கலுக்கு வருவோம். கடல் ஏற்றத்தின்போது ஆற்றுமுகத்தில் கடல்நீர் உட்புகும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 1.3 கிராம் மக்னீசியமும் 0.4 கிராம் கால்சியமும் கரைந்துள்ளன. இவை இரட்டை நேர்மின் தன்மை உடையவை. ஆதலால், ஒவ்வொன்றும் இரண்டு சவர்க்காரத் தலைகளைப் பற்றிக்கொள்ளும். பற்றப்பட்ட சவர்க்காரம் நீரில் கரையாது; வெள்ளைத் திரளாக மிதக்கும்; துணியில் சாம்பல் நிறப் படிவாகவும் தங்கும்.

இதனால் எவ்வளவு சவர்க்காரம் வீணாகும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் உள்ள மக்னீசியமும் கால்சியமும் சேர்ந்து 35 முதல் 40 கிராம் வரை சவர்க்காரத்தைப் பிடித்துக்கொள்ள முடியும். ஆற்றுநீரில் ஐந்தில் ஒரு பங்குதான் கடல்நீர் கலந்துள்ளது என வைத்துக்கொள்வோம். அப்போதுகூட லிட்டருக்கு 7 அல்லது 8 கிராம் சவர்க்காரம் வீணாகும். 10 லிட்டர் வாளியில் இது 70 முதல் 80 கிராம். அதாவது, ஒரு சிறிய சவர்க்காரக் கட்டியின் பெரும்பகுதி. அவ்வளவும் கரைந்த பிறகுதான் அழுக்கை எடுக்கும் வேலையே தொடங்கும். எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராததற்கு இதுவே காரணம்.

சலவைத்தூளின் மூலக்கூற்றிலும் தலையும் வாலும் உண்டு. ஆனால், அதன் தலையில் கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த சல்போனேட் என்னும் பகுதி உள்ளது. கால்சியமும் மக்னீசியமும் இருந்தாலும் இத்தலை சவர்க்காரத்தைப்போல் எளிதில் திரளாகிவிடாது. மேலும், கால்சியத்தைப் பிடித்து வைக்கும் துணைப்பொருள்களையும் சலவைத்தூளில் சேர்க்கின்றனர். எனவே, சிறிது உப்புக் கலந்த நீரிலும் அது வேலை செய்யும். இருப்பினும், கடைசியாக அலசுவதற்கு நன்னீரே ஏற்றது. துணியில் தங்கும் கடலுப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், சட்டை முழுமையாகக் காயாமல் பிசுபிசுக்கும்.

நீரின் தன்மையை வீட்டிலேயே அறியலாம். ஒரு போத்தலில் குழாய்நீரையும் மற்றொன்றில் சோதிக்க விரும்பும் நீரையும் சம அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே அளவு சவர்க்காரச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். நுரை வராமல் வெண்திரள் மிதந்தால், அந்த நீரில் சவர்க்காரம் வீணாகிறது என்று பொருள்.

சவர்க்காரத்திற்கும் சலவைத்தூளுக்கும் ஓர் எல்லை உண்டு. மீன்கறி சிந்திய சட்டையைத் துவைத்துப் பாருங்கள். எண்ணெய் போய்விடும், மஞ்சள் கறை நிற்கும். சவர்க்காரம் பட்டதும் அந்தக் கறை சிவப்பாகக்கூட மாறும். மஞ்சளின் நிறப்பொருள் காரத்தில் சிவக்கும் இயல்புடையது; நூலிழையிலும் இறுகப் பற்றியிருக்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நன்றாக அலசினால் சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பும். பின்னர், சட்டையை வெயிலில் உலர்த்தினால் அந்த மஞ்சளும் நாளடைவில் வெளுக்கும். எண்ணெயை எடுப்பது சவர்க்காரத்தின் வேலை. மஞ்சளை வெளுப்பது வெயிலின் வேலை.